சுவர் துரையுடையது, சாமான் நம்முடையது



"லயத்தில் இருக்கிறவனுக்கு எதற்குக் காப்புறுதி? வீடே அவனுடையது இல்லையே!" தோட்ட அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது நமக்குப் புதிதல்ல. ஆனால் நமது தோட்டக் கமிட்டிக் கூட்டங்களிலும் இதே பேச்சு எழுகிறது. நம் தலைவர்களே தலையாட்டுகிறார்கள். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

வீட்டுக் காப்புறுதி என்பது ஒரு பொருளுக்குரிய காப்புறுதி அல்ல. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கட்டடம், மற்றது கட்டடத்துக்குள் இருக்கும் வீட்டுச் சாமான். இரண்டுக்கும் தனித்தனித் தொகை, தனித்தனிக் கட்டுப்பணம், தனித்தனி நட்டஈடு. ஒன்றை எடுத்தால் மற்றது தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. இந்தப் பிரிவினையை விளங்கிக்கொள்ளாததால் சொந்த வீட்டுக்காரனும் நட்டப்படுகிறான், லயத்துக்காரனும் நட்டப்படுகிறான். முதலாவதைச் சாவகச்சேரியில் நேரில் பார்த்தோம். இரண்டாவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

சாவகச்சேரியில் பார்த்தது

1977 வன்செயலுக்குப் பின் நமது மலையைவிட்டு வடக்கே போன குடும்பங்கள் பல. அப்படிப் போன நமது பழைய அங்கத்தவர் ஒருவரின் மகள் சாவகச்சேரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். ஒரு மரணச் சடங்குக்காக அங்கே போன நாம் நான்கு பேர், அந்த வீட்டில் இரண்டு நாள் தங்கினோம்.

சாவகச்சேரி என்றால் 2000ஆம் ஆண்டை மறக்க முடியாது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்த பின் சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. மாதக்கணக்கில் செல் விழுந்தது. பிறகு திரும்பி வந்த சனம் பார்த்தது கூரையில்லாத சுவர்களைத்தான். நின்ற வீடுகளிலும் ஓடு இல்லை, கதவு நிலை இல்லை, யன்னல் இல்லை. அந்த நட்டத்தை எந்தச் சாதாரணக் காப்புறுதியும் தாங்காது. போரும் உள்நாட்டுப் போரும் பத்திரத்தில் எழுத்திலேயே விலக்கப்பட்டவை. கலவரமும் வேலைநிறுத்தக் குழப்பமும்கூட மேலதிகமாகக் கேட்டு வாங்கினால் மட்டுமே சேரும். 1977உம் 1983உம் கண்ட நாம் இதை மனதில் வைக்க வேண்டும்.

போருக்குப் பின் இந்திய வீடமைப்புத் திட்டம் வந்தது. வடக்கில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள். அது அத்திவாரத்துக்கும் சுவருக்கும் கூரைக்கும் கொடுத்த காசு. அந்த வீட்டுக்குள் ஒரு கட்டிலோ ஒரு பானையோ வாங்க அதில் பங்கு இல்லை. போரின் நட்டத்திலும் கட்டடம் வேறாகவும் சாமான் வேறாகவுமே கணக்கு நடந்தது.

நாம் தங்கிய வீடு அந்தத் திட்டத்தில் தொடங்கியது. பிறகு மருமகன் வங்கியில் 20 இலட்சம் கடன் எடுத்து இரண்டு அறையும் குசினியும் சேர்த்துக் கட்டினார். கடன் கொடுக்கும்போது வீட்டைக் காப்புறுதி செய்ய வேண்டும் என்று வங்கி சொன்னது. காட்டிய இடத்தில் அவர் கையெழுத்து வைத்தார். தீ, மின்னல், புயல், வெள்ளம் எல்லாம் சேர்ந்திருக்கிறது என்று சொன்னார்கள். அது உண்மைதான். வருடாவருடம் கட்டுப்பணமும் கட்டினார்.

2024 நவம்பர் கடைசியில் வந்த புயல் மழையில் யாழ்ப்பாணக் குடாநாடு வெள்ளத்தில் கிடந்தது. அந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்த பின் சுவர் நின்றது, கூரை நின்றது. உள்ளே இருந்தது ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர் நமக்குக் காட்டிய கணக்கு இது. கட்டடப் பக்கத்தில் ஊதிப்போன கதவுகள், தாழ இருந்த மின் இணைப்புகள், உரிந்த பூச்சு, மீண்டும் அடிக்க வேண்டிய வர்ணம் எல்லாம் சேர்ந்து 120,000 ரூபா. சாமான் பக்கத்தில் பிரிட்ஜ் 110,000, கட்டிலும் அலுமாரியும் 90,000, உடுப்பும் பிள்ளைகளின் புத்தகங்களும் 55,000, மனைவி தைத்துச் சம்பாதித்த தையல் மெசின் 45,000, மூட்டை நெல் 40,000. சாமான் நட்டம் மொத்தம் 340,000 ரூபா. இரண்டையும் கூட்டினால் 460,000.

காப்புறுதிக் கம்பனி எவ்வளவு கொடுத்தது தெரியுமா? 35,000 ரூபா.

அந்த 35,000 எப்படி வந்தது

இது களவு அல்ல. பத்திரத்தில் எழுதியபடியே கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் நாம் இதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது வெட்டு, சாமான். பத்திரத்தின் அட்டவணையில் "கட்டடம்" என்ற வரிக்கு நேரே 20 இலட்சம் இருந்தது. "வீட்டுச் சாமான்" என்ற வரிக்கு நேரே ஒரு கோடு போட்டிருந்தது. வங்கிக்குத் தேவை தன் கடனுக்கு ஈடாக இருக்கும் சுவரும் கூரையும். தையல் மெசினைப் பற்றி வங்கிக்கு என்ன கவலை? வெள்ளம் என்ற ஆபத்து சேர்ந்திருந்தது. ஆனால் வெள்ளம் கெடுத்த பொருள் சேரவில்லை. 340,000 ரூபா அங்கேயே போயிற்று.

இரண்டாவது வெட்டு, குறைத்துக் காப்புறுதி செய்தது. அந்த வீட்டை இன்று புதிதாகக் கட்டினால் 40 இலட்சம் வேண்டும் என்று மதிப்பீட்டாளர் எழுதினார். காப்புறுதித் தொகையோ கடன் தொகையான 20 இலட்சம். வீட்டின் பாதியைத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள், ஆகவே எந்த நட்டத்திலும் பாதிதான் கிடைக்கும் என்பது பத்திரத்தில் உள்ள நிபந்தனை. 120,000 ரூபா 60,000 ஆயிற்று. 20 இலட்சம் வரை எந்த நட்டமும் முழுதாகக் கிடைக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நம்மில் யார் அப்படி நினைக்க மாட்டார்கள்?

மூன்றாவது வெட்டு, வெள்ளம் புயல் போன்றவற்றில் நட்டத்தின் முதற்பகுதியை வீட்டுக்காரரே சுமக்க வேண்டும் என்ற நிபந்தனை. அவருடைய பத்திரத்தில் அது 25,000 ரூபா. 60,000இல் அதைக் கழித்தால் 35,000.

அந்தக் காசோலையும் அவர் கைக்கு வரவில்லை. பத்திரத்தில் நட்டஈடு பெறுபவராக வங்கியின் பெயர் முதலில் இருந்ததால் அது கடன் கணக்கில் போய் விழுந்தது. கட்டுப்பணம் கட்டியவர் இவர், காப்பாற்றப்பட்டது வங்கி.

இன்னொன்றும் சொன்னார். கிணற்றடியில் பூட்டியிருந்த தண்ணீர் மோட்டரும் தண்ணீருக்குள் கெட்டது. அது சாமான் என்று கட்டடக் கணக்கில் சேர்க்கவில்லை. சாமானுக்கோ காப்புறுதியே இல்லை. வீட்டுக்கு வெளியே உள்ள கிணறு, மதில், படலை, தனிக் குசினி, மலசலகூடம், மோட்டர் இவற்றை அட்டவணையில் பெயர் சொல்லி எழுதுவித்தால் மட்டுமே நம்பலாம்.

எது கட்டடம், எது சாமான்?

நம் வீட்டுப் பெண்கள் இதை ஒரே வார்த்தையில் பிரித்துவிட்டார்கள்: "வீடு மாறும்போது லொறியில் ஏற்றுவது சாமான், விட்டுவிட்டுப் போவது கட்டடம்." இதைவிட நல்ல விளக்கம் இல்லை. சுவர், கூரை, தரை, கதவு, யன்னல், சுவருக்குள் ஓடும் மின்கம்பி, சுவரோடு சேர்த்துக் கட்டிய தட்டு, தண்ணீர்க் குழாய் எல்லாம் கட்டடம். கட்டில், அலுமாரி, டீவி, அடுப்பு, பாத்திரம், உடுப்பு, கம்பளி, அரிசி மா எல்லாம் சாமான்.

சாமானிலும் சில தனி ரகம். நகைக்கும் காசுக்கும் சிறிய எல்லை வைத்திருப்பார்கள், அல்லது சேர்க்கவே மாட்டார்கள். களவுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். அப்போதும் பூட்டு உடைத்த அடையாளம் கேட்பார்கள். பழைய டீவிக்குப் புதிய டீவியின் விலை கிடைக்காது. பாவித்த காலத்துக்குக் கழித்துத்தான் தருவார்கள், புதிய விலைக்கே தருவோம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலே தவிர. கறையான் தின்றதும், நாள்பட்ட ஒழுக்கில் இற்றதும் எந்தப் பக்கத்திலும் சேராது. காப்புறுதி திடீர் நட்டத்துக்கு மட்டும்தான்.

இப்போது நம் லயத்துக்கு வருவோம்

சாவகச்சேரியில் கட்டடத்துக்குக் காப்புறுதி இருந்தது, சாமானுக்கு இல்லை. லயத்தில் கட்டடம் நம்முடையது அல்ல. ஆகவே அதை நாம் காப்புறுதி செய்யவும் முடியாது. ஒரு பொருள் கெட்டால் யாருக்கு நட்டமோ அவருக்குத்தான் அதைக் காப்புறுதி செய்யும் உரிமை. லயம் எரிந்தால் கட்டட நட்டம் அதை வைத்திருக்கும் தோட்டத்துக்கு. இதுவரை துரை சொல்வது சரி.

ஆனால் அதே நியாயம் திரும்பி வரும்போது துரை வாயை மூடிக்கொள்கிறார். அலுமாரி எரிந்தால் யாருக்கு நட்டம்? நமக்கு. ஆகவே அதைக் காப்புறுதி செய்யும் உரிமை முழுக்க நம்முடையது. வாடகை வீட்டில் இருப்பவனும் தன் சாமானைக் காப்புறுதி செய்யலாம். அதற்கு உறுதி வேண்டாம், ஏழு பேர்ச்சஸ் வேண்டாம். "வீடு உன்னுடையது இல்லை, ஆகவே காப்புறுதி இல்லை" என்ற பேச்சு பாதி உண்மை. மறுபாதியை மறைப்பதற்காகவே அந்தப் பாதியைச் சொல்கிறார்கள்.

லயத்தில் தீ எப்படிப் பரவும் என்பதை நாம் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பல பழைய லயங்களில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் அந்தச் சுவர் கூரை வரை ஏறவில்லை. கூரைக்குக் கீழே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே வெளி. ஒரு காம்பராவில் மின்னொழுக்கு ஏற்பட்டால் தீ மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேலாலே ஓடும். தண்ணீர் எடுத்து ஓடி வருவதற்குள் முழு வரிசையும் எரிந்துவிடும். பிறகு என்ன நடக்கிறது? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலையிலோ கோயிலிலோ படுக்கிறோம். பாயும் உலர் உணவும் வருகின்றன. சில மாதத்தில் தகரம் வருகிறது. தகரம் யாருடைய சொத்து? தோட்டத்துடையது. எரிந்த கட்டில், பள்ளி உடுப்பு, மகளின் கலியாணத்துக்குச் சீட்டுப் போட்டு வாங்கி வைத்த சாமான் இவற்றுக்கு யார் பொறுப்பு? அந்தக் கேள்வி எந்தக் கடிதத்திலும் எழுதப்படுவதில்லை.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்கள் போயின. பிறகு தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அது நியாயம், அதற்காக நாம் போராடினோம். ஆனால் அப்போதும் எல்லோர் வாயிலும் இருந்த சொல் "வீடு" மட்டும்தான். மண்ணுக்குள் போன ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சாமானுக்கு என்ன கணக்கு என்று நாமும் கேட்கவில்லை. நமது சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களைப் புரட்டிப் பாருங்கள். கூரை, சுவர், காணி, மலசலகூடம். எல்லாம் தேவை. சாமான் என்ற சொல் எங்கே? இந்தக் குறை நம்முடையது, அதை நாமே சொல்லிக்கொள்கிறோம்.

அரசாங்கத் திட்டம் போதாதா?

தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக அரசாங்கம் 2016இல் இயற்கை அனர்த்தக் காப்புறுதியைத் தொடங்கியது. நாம் கட்டுப்பணம் கட்டாமலே ஒரு வீட்டுக்கு 25 இலட்சம் ரூபா வரை என்று அறிவித்தார்கள். நல்ல திட்டம். ஆனால் அதன் பெயரைக் கவனியுங்கள்: இயற்கை அனர்த்தம். மின்னொழுக்கால் பற்றிய தீ இயற்கை அனர்த்தம் அல்ல. இரண்டாவது, "ஒரு வீடு" என்றால் என்ன? பன்னிரண்டு காம்பரா லயம் கட்டடக் கணக்கில் ஒன்று, குடும்பக் கணக்கில் பன்னிரண்டு. எந்தத் திட்டமானாலும், எந்தப் பத்திரமானாலும், எல்லை கட்டடத்துக்கா குடும்பத்துக்கா என்று எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் பன்னிரண்டு குடும்பம் ஒரு குடும்பத்தின் காசைப் பங்கு போட வேண்டிவரும்.

நாம் கேட்பது

கம்பனி தன் பகுதியைச் செய்யட்டும். லயங்கள் முழுவதையும் இன்று மீளக் கட்டும் செலவுக்குக் காப்புறுதி செய்ய வேண்டும். புத்தகத்தில் தேய்ந்துபோன பழைய பெறுமதிக்குச் செய்தால் சாவகச்சேரியில் நடந்த பாதிக் கணக்கே இங்கும் நடக்கும். தீ, புயல், வெள்ளம் மட்டுமல்ல, மண்சரிவும் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். மண்சரிவு பல பத்திரங்களில் தானாகச் சேர்வதில்லை. மலையில் இருக்கும் நமக்கு அது இல்லாத பத்திரம் என்ன பத்திரம்? வருடம் ஒருமுறை அந்த அட்டவணையைத் தோட்டத் தலைவருக்குக் காட்ட வேண்டும்.

சாமானுக்கு, குடும்பத்துக்கு ஒரு தொகை என்று நிர்ணயித்து, தோட்டம் முழுவதற்கும் ஒரே கூட்டுக் காப்புறுதி எடுக்க வேண்டும். கட்டுப்பணத்தை நிர்வாகம் ஏற்க வேண்டும். ஏன் நிர்வாகம் என்று கேட்பார்கள். அந்தக் கூரையின் கீழே நம் சாமானை வைக்கச் சொன்னது யார்? கூரை வரை சுவர் எழுப்பாதது யார்? பழைய மின்கம்பியை மாற்றாதது யார்? ஆபத்தை உண்டாக்கி வைத்திருப்பவரே அதன் கட்டுப்பணத்தையும் கட்டட்டும். தனித்தனியாக ஒவ்வொரு குடும்பமும் போய்க் கேட்டால் லயத்தைப் பார்த்ததும் கம்பனிகள் தயங்கும், அல்லது விலையை ஏற்றும். ஒரு தோட்டமே சேர்ந்து கேட்டால் பேச்சு வேறு.

பத்திரம் தமிழில் வர வேண்டும். கையெழுத்து நாம் வைக்கிறோம், வாசிப்பது வேறு யாரோ என்ற நிலை இனி வேண்டாம்.

"காப்புறுதி கேட்டால் காணி உரிமைக் கோரிக்கை பின்னுக்குப் போய்விடும்" என்று சில தோழர்கள் அஞ்சுகிறார்கள். அப்படியல்ல. காணியும் வீடும் கிடைக்கும் நாள் வரை இன்றிரவு எரியக்கூடிய சாமான் நம்முடையதாகவே இருக்கிறது. புதிய தனி வீடு கிடைத்தவர்களுக்கும் சொல்கிறோம்: கட்டடம் உங்களுடையது ஆகும் நாளிலிருந்து இரண்டு வரிகளும் உங்கள் பொறுப்பு. சாவகச்சேரி மருமகனைப் போல ஒரு வரியில் கோடு போட்ட பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

அதுவரை நம் கையில் இருப்பது

காப்புறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்ன இருந்தது என்று காட்ட முடியாதவனுக்கு எந்த நட்டஈடும் இல்லை. ஒரு கொப்பித் தாளில் வீட்டுச் சாமானை எழுதுங்கள். வாங்கிய வருடமும் விலையும் போடுங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் அதையும், ஒவ்வொரு பொருளையும் போனில் படம் பிடியுங்கள். தையல் மெசின், டீவி, பிரிட்ஜ் இவற்றின் பின்னால் உள்ள இலக்கத்தையும் எடுங்கள். அந்தப் படங்களையும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரங்களின் படங்களையும் வேறு தோட்டத்தில் உள்ள ஒரு உறவினரின் போனுக்கு அனுப்பிவையுங்கள். அதே லயத்தில் உள்ளவருக்கு அனுப்பிப் பயனில்லை, இருவர் வீடும் ஒன்றாகத்தான் எரியும்.

அனர்த்தம் நடந்தால் துப்புரவு செய்வதற்கு முன் படம் எடுங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் கோடிட்டு எடுங்கள். கெட்ட சாமானை மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை எறியாதீர்கள். தீ என்றால் பொலிஸ் முறைப்பாடு, வெள்ளம் என்றால் கிராம அலுவலரின் கடிதம். இரண்டிலும் கட்டட நட்டத்தை ஒரு தலைப்பிலும் சாமான் நட்டத்தை இன்னொரு தலைப்பிலும் தனித்தனியாக எழுதுவியுங்கள். பத்திரம் உள்ளவர்கள் கம்பனிக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள். கொடுத்த தொகை நியாயமில்லை என்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடும் வழி இருக்கிறது. கடிதம் எழுத நமது சங்கக் காரியாலயம் உதவும்.

அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்கு நாம் கொண்டுபோகும் கோப்பில் ஒவ்வொரு லயத்தின் சாமான் பட்டியலும் இருக்க வேண்டும். "தொழிலாளிக்கு என்ன சொத்து இருக்கிறது?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கேட்பார்கள். அப்போது நாம் பேச வேண்டியதில்லை, அந்தப் பட்டியலைத் தள்ளி வைத்தால் போதும். பட்டியல்களை மாத முடிவுக்குள் தோட்டத் தலைவரிடம் ஒப்படையுங்கள்.